ஒட்டிய அட்டவணையில் ஒளிந்திருக்கும் டேப்

மாணவர்களே, விரிதாளில் அழகாகக் கட்டம் கட்டித் தயாரித்த ஓர் அட்டவணையை நகலெடுத்துச் சாதாரணக் குறிப்பேட்டுச் செயலியில் ஒட்டிப் பாருங்கள். கோடுகள் எல்லாம் மறைந்துவிடும். எண்களும் சொற்களும் மட்டும் நிற்கும். அவற்றுக்கு இடையே சில இடங்களில் பெரிய இடைவெளி, சில இடங்களில் சிறிய இடைவெளி. ஒரு வரியில் உள்ள எண் மேலே உள்ள தலைப்புக்கு நேராக இருக்காது.

அந்த இடைவெளிகளை வெறும் காலியிடம் என்று நினைத்து அழித்தால் என்ன ஆகும்? அட்டவணை பொய் சொல்லத் தொடங்கும். எப்படி என்பதையும், அதே அட்டவணையை மார்க்டவுன் முறையில் ஒழுங்காக அடுக்குவது எப்படி என்பதையும் இவ்வாரம் பார்ப்போம்.

நம் மலையிலிருந்து ஓர் அட்டவணை

கேமரன் மலையில் ரிங்லெட்டிலிருந்து மேலே ஏறினால் தானா ராத்தா, பிரிஞ்சாங், திரிங்காப், கம்போங் ராஜா என்று ஊர்கள் வரிசையாக வரும். எல்லாம் ஒரே சாலையில் இருந்தாலும் ஓர் ஊரில் கொட்டும் மழை அடுத்த ஊரில் தூறலாகக்கூட இருக்காது. அதனால் மழைமானி வைத்து அளப்பது பள்ளி அறிவியல் கழகங்களுக்கு ஏற்ற செயல்திட்டம்.

நான்கு ஊர்களில் மார்ச் 3, 4, 5 ஆகிய மூன்று நாட்கள் மழையை மில்லிமீட்டரில் அளந்ததாக வைத்துக்கொள்வோம். கீழே உள்ள எண்கள் விளக்கத்திற்காக நான் எழுதியவை. உண்மையான பதிவுகள் அல்ல. டேப் கண்ணுக்குத் தெரியாது என்பதால், அது இருக்கும் இடத்தில் ஓர் அம்புக்குறி போட்டிருக்கிறேன்.

```
இடம்→3/3→4/3→5/3
திரிங்காப்→12.5→→8.0
கம்போங் ராஜா→0.0→22.5→6.5
பிரிஞ்சாங்→18.0→9.5→
ரிங்லெட்→4.5→31.0→14.0
```

இந்தச் சிறிய அட்டவணையில் மூன்று இடங்களைக் கவனியுங்கள்.

திரிங்காப் வரியில் இரண்டு அம்புகள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு காலிக் கட்டம் இருக்கிறது. அன்று யாரும் மழைமானியைப் பார்க்கவில்லை என்பது அதன் பொருள்.

பிரிஞ்சாங் வரி அம்புக்குறியோடு முடிகிறது. அங்கே கடைசிக் கட்டம் காலி.

கம்போங் ராஜா என்ற பெயருக்குள் ஒரு சாதாரண இடைவெளி இருக்கிறது. அது இரு கட்டங்களைப் பிரிக்கும் இடைவெளி அல்ல. பெயரின் ஒரு பகுதி.

கம்போங் ராஜாவில் 3/3 அன்று 0.0 என்று இருப்பதையும் பாருங்கள். அளந்து பார்த்தோம், மழை இல்லை என்று அது சொல்கிறது. காலிக் கட்டமோ அளக்கவே இல்லை என்று சொல்கிறது. அறிவியலில் இவை இரண்டும் வெவ்வேறு செய்திகள். அட்டவணையை மாற்றி எழுதும்போது இந்த வேறுபாடு தொலையக்கூடாது.

டேப் என்பது எத்தனை இடைவெளி?

"டேப் என்றால் எட்டு இடைவெளி" என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. தட்டச்சுப் பொறியின் காலத்தை நினைத்துப் பாருங்கள். தோட்ட அலுவலகக் கிராணி ஓர் அட்டவணையைத் தட்டச்சு செய்ய வேண்டுமானால், தாளின் அகலத்தில் எந்தெந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று பொறியில் முன்கூட்டியே குறித்துக்கொள்வார். டேப் விசையை அழுத்தினால் தாளைத் தாங்கிய உருளை அடுத்த நிறுத்தத்துக்கு ஓடி நிற்கும். இப்போது எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்து அது ஓடும் தூரம் மாறும்.

கணினியும் அதே பழக்கத்தை எடுத்துக்கொண்டது. ஆஸ்கி குறியீட்டு முறையில் டேப்புக்கு 9 என்ற எண். சாதாரண இடைவெளிக்கு 32. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் கணினிக்கு வெவ்வேறு எழுத்துகள். பல செயலிகளில் நிறுத்தங்கள் எட்டு எழுத்துகளுக்கு ஒன்று. சிலவற்றில் நான்குக்கு ஒன்று. நான்கு எழுத்துச் சொல்லுக்குப் பின் வரும் டேப், எட்டு என்ற நிறுத்தம் வரை நான்கு இடம் நகரும். ஏழு எழுத்துச் சொல்லுக்குப் பின் வந்தால் ஓர் இடம் மட்டுமே நகரும். ஒன்பது எழுத்துச் சொல் ஏற்கெனவே எட்டைத் தாண்டிவிட்டதால், அடுத்த டேப் பதினாறுக்குப் போய் நிற்கும். ஒட்டிய அட்டவணை கோணலாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

விரிதாளில் நகலெடுக்கும்போது, ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே ஒரே ஒரு டேப் வைக்கப்படுகிறது. ஒரு கிடைவரிசை முடிந்ததும் வரி முறிகிறது. ஆகவே நான்கு நெடுவரிசை கொண்ட அட்டவணையில், காலிக் கட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு வரியிலும் சரியாக மூன்று டேப் இருக்க வேண்டும். மேலே உள்ள ஐந்து வரிகளிலும் அம்புகளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று இருக்கும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிழையைக் கண்டுபிடிக்க இதுதான் நமக்கு முதல் கருவி.

மார்க்டவுன் அட்டவணையின் விதிகள்

மார்க்டவுன் என்பது சாதாரண எழுத்துகளாலேயே ஆவணத்தின் அமைப்பைக் குறிக்கும் முறை. ஜான் குரூபர் 2004-இல் இதை வெளியிட்டார். ஆரோன் சுவார்ட்ஸ் அவருக்கு உதவினார். வரியின் தொடக்கத்தில் `#` போட்டால் தலைப்பு, சொல்லின் இருபுறமும் `**` போட்டால் தடித்த எழுத்து என்பன போன்ற எளிய குறிகள் இதில் உண்டு. முதலில் வந்த மார்க்டவுனில் அட்டவணைக்குக் குறி இல்லை. மிஷெல் ஃபோர்த்தான் உருவாக்கிய விரிவுபடுத்தப்பட்ட வடிவத்தில் அது வந்தது. பிறகு கிட்ஹப் நிறுவனம் தன் மார்க்டவுன் விதிகளை 2017-இல் முறையான ஆவணமாக வெளியிட்டபோது அட்டவணையும் அதில் இடம்பெற்றது. இங்கே நாம் பின்பற்றுவது அந்த விதிகளைத்தான்.

கட்டங்களை `|` என்ற நெடுங்கோட்டால் பிரிக்க வேண்டும். விசைப்பலகையில் Enter விசைக்கு மேலே `\` இருக்கும் விசையை Shift உடன் அழுத்தினால் இது வரும். முதல் வரி தலைப்பு வரி. இரண்டாம் வரியில் சிறு கோடுகள் மட்டும் இருக்கும். அந்தக் கோட்டு வரிதான் "இது அட்டவணை" என்று செயலிக்குச் சொல்கிறது. அதில் `:---` என்று எழுதினால் அந்த நெடுவரிசை இடப்பக்கம் ஒட்டி நிற்கும். `---:` என்றால் வலப்பக்கம். `:---:` என்றால் நடுவில்.

தலைப்பு வரியிலும் கோட்டு வரியிலும் கட்டங்களின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அட்டவணையே உருவாகாது. நெடுங்கோடுகள் அப்படியே எழுத்துகளாகத் திரையில் தெரியும். இது கண்ணில் பட்டுவிடும் பிழை, அதனால் ஆபத்தில்லை.

அதற்குக் கீழே வரும் வரிகளுக்கு விதி தளர்வானது. ஒரு வரியில் கட்டங்கள் குறைந்தால் செயலி கடைசியில் காலிக் கட்டங்களைச் சேர்த்துக்கொள்ளும். கட்டங்கள் கூடினால் கூடுதலானவற்றைக் காட்டாமல் விட்டுவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. இந்தத் தளர்வில்தான் ஆபத்து இருக்கிறது.

தவறான குறுக்குவழி

"எங்கெல்லாம் இடைவெளி இருக்கிறதோ, அது எத்தனை நீளமாக இருந்தாலும், அங்கெல்லாம் ஒரு நெடுங்கோடு போடு" என்று கணினிக்குக் கட்டளையிடுவது பலருக்கும் முதலில் தோன்றும் வழி. நம் அட்டவணையை அப்படி மாற்றினால் இது கிடைக்கும்:

```
| இடம் | 3/3 | 4/3 | 5/3 |
| :--- | ---: | ---: | ---: |
| திரிங்காப் | 12.5 | 8.0 |
| கம்போங் | ராஜா | 0.0 | 22.5 | 6.5 |
| பிரிஞ்சாங் | 18.0 | 9.5 |
| ரிங்லெட் | 4.5 | 31.0 | 14.0 |
```

திரையில் இது கோடு போட்ட அழகான அட்டவணையாகவே தெரியும். ஆனால் உள்ளே என்ன நடந்திருக்கிறது?

திரிங்காப்பில் இரண்டு டேப்களும் ஒரே கோடாகச் சுருங்கிவிட்டன. அதனால் 5/3 அன்று அளந்த 8.0 ஒரு நாள் முன்னால் நகர்ந்து 4/3 என்ற தலைப்பின்கீழ் வந்துவிட்டது. கம்போங் ராஜா இரண்டாகப் பிளந்துவிட்டது. 3/3 அன்று பெய்த மழை "ராஜா" என்று இருக்கிறது. அதன் எண்கள் எல்லாம் ஒரு நாள் பின்னால் தள்ளப்பட்டு, கடைசி எண்ணான 6.5 ஐந்தாவது கட்டத்தில் விழுந்தது. நான்கு நெடுவரிசைதான் உண்டு என்பதால் அது திரையில் காட்டப்படவே இல்லை. பிரிஞ்சாங் மட்டும் தப்பித்தது. அதன் காலிக் கட்டம் தற்செயலாகக் கடைசியில் இருந்ததால், செயலி சேர்த்த காலிக் கட்டம் சரியான இடத்திலேயே அமைந்தது.

இப்போது 4/3 அன்றைய சராசரி மழையைக் கணக்கிடுவோம். உண்மையில் அன்று மூன்று ஊர்களில் அளந்தார்கள்: 22.5, 9.5, 31.0. கூட்டினால் 63.0, மூன்றால் வகுத்தால் 21.0 மில்லிமீட்டர். தவறான அட்டவணையில் அந்த நெடுவரிசையில் நான்கு எண்கள் உள்ளன: 8.0, 0.0, 9.5, 31.0. கூட்டினால் 48.5, நான்கால் வகுத்தால் ஏறக்குறைய 12.1. மழை பாதியளவுக்குக் குறைந்துவிட்டது!

மலைநாட்டில் எந்த நாளில் எவ்வளவு மழை பெய்தது என்பது தாளோடு நிற்கும் கணக்கு அல்ல. 2013 அக்டோபரில் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களும் போயின. அதுபோன்ற நாட்களைப் பின்னர் ஆராய்பவருக்கு, ஒரு நாள் தள்ளி எழுதிய எண் முழுக் கதையையும் மாற்றிவிடும். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடைக் கணக்கை இப்படி மாற்றினால் என்ன ஆகும் என்றும் எண்ணிப் பாருங்கள். வேலைக்கு வராத நாளில் எடை ஏறும். வந்த நாளில் எடை காணாமல் போகும்.

சரியாக மாற்றும் முறை

முதல் வேலை, டேப்பைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்வது. விஷுவல் ஸ்டுடியோ கோட் செயலியில் `View` பட்டியலுக்குள் `Render Whitespace` என்ற வசதி உண்டு. அதை இயக்கினால் டேப் அம்புக்குறியாகவும் இடைவெளி சிறு புள்ளியாகவும் தெரியும். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் Ctrl+F10 அழுத்தினால் இதேபோல் தெரியும். இப்போது ஒவ்வொரு வரியிலும் அம்புகளை எண்ணுங்கள். நம் அட்டவணைக்கு மூன்று இருக்க வேண்டும். அம்புகளுக்குப் பதிலாகப் புள்ளிகள் மட்டும் தெரிந்தால், ஒட்டும் வழியில் எங்கோ டேப் இடைவெளியாக மாறிவிட்டது என்று பொருள். பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்தால் இப்படி நேர்வதுண்டு. அப்போது காலிக் கட்டம் எது என்று கண்டுபிடிக்க வழியில்லை. மூல விரிதாளுக்கே திரும்பிப் போய் நகலெடுப்பதுதான் சரி.

எண்ணிக்கை சரியாக இருந்தால், தேடி மாற்றும் வசதியை Ctrl+H அழுத்தித் திறந்து, `.*` என்ற பொத்தானை இயக்குங்கள். அது இயங்கினால்தான் `\t` என்பதைச் செயலி டேப் என்று புரிந்துகொள்ளும். பிறகு இரண்டு மாற்றங்களை இந்த வரிசையில் செய்யுங்கள். இடப்பக்கம் இருப்பது தேட வேண்டியது, வலப்பக்கம் இருப்பது அதற்குப் பதில்:

```
\t        →   " | "
^(.+)$    →   "| $1 |"
```

மேற்கோள் குறிகளைத் தட்ட வேண்டாம். நெடுங்கோட்டுக்கு அருகில் இடைவெளி உண்டு என்று காட்டவே அவற்றைப் போட்டேன். முதல் மாற்றம் ஒவ்வொரு டேப்பையும் ஒரு நெடுங்கோடாக்குகிறது. இரண்டு டேப் இருந்தால் இரண்டு கோடு வரும். அதனால் காலிக் கட்டம் பிழைத்துக்கொள்கிறது. கம்போங் ராஜாவின் நடுவே இருக்கும் இடைவெளியை அது தொடுவதே இல்லை. இரண்டாவது மாற்றம் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் முடிவிலும் கோடு போடுகிறது. கட்டங்களுக்குள் ஏற்கெனவே `|` என்ற குறி எங்காவது இருந்தால், இவற்றுக்கு முன்பே அதை `\|` என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அதுவும் கட்டத்தைப் பிளந்துவிடும்.

அடுத்து, தலைப்பு வரிக்குக் கீழே கோட்டு வரியை நீங்களே தட்டுங்கள். எண்கள் இருக்கும் நெடுவரிசைகளுக்கு `---:` கொடுங்கள். எண்கள் வலப்பக்கம் ஒட்டி நின்றால் ஒன்றாம் இடம் ஒன்றாம் இடத்துக்கு நேராகவும், புள்ளி புள்ளிக்கு நேராகவும் வரும். ஆனால் எல்லா எண்களிலும் தசமப் புள்ளிக்குப் பின் ஒரே எண்ணிக்கையில் இலக்கங்கள் இருந்தால்தான் அப்படி வரும். விரிதாள், 8.0 என்று தட்டியதை 8 என்று சுருக்கிக் காட்டும் பழக்கம் உடையது. நகலெடுத்தாலும் 8 என்றே வரும். 3/3 என்று தட்டினால் அதைத் தேதியாக மாற்றி வேறு வடிவில் காட்டவும் கூடும். ஆகவே நகலெடுப்பதற்கு முன்பே விரிதாளில் எண்களுக்கு ஒரு தசம இடம் என்றும், தலைப்புக் கட்டங்களுக்கு வெறும் எழுத்து என்றும் வடிவம் அமைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, காலிக் கட்டங்களில் ஒரு சிறு கோடு இடுங்கள். "இங்கே எழுத மறந்துவிட்டார்களோ" என்று படிப்பவர் ஐயப்பட மாட்டார். அளக்கவில்லை என்று தெளிவாகத் தெரியும். அட்டவணைக்குக் கீழே அந்தக் கோட்டின் பொருளை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

தமிழ் எழுத்தும் நேர்கோடும்

இந்த நிலையிலேயே செயலி உங்கள் அட்டவணையைக் கோடு போட்டு ஒழுங்காகக் காட்டும். நெடுங்கோடுகள் மேலும் கீழும் நேராக இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. ஆனால் அந்த எழுத்துக் கோப்பைத் திறந்து திருத்தப்போவது மனிதர்தான். கோடுகள் நேராக இருந்தால், தள்ளிப்போன எண் உடனே கண்ணில் படும். ஆகவே மூலத்தையும் அடுக்குவது பயனுள்ள வேலை.

ஆங்கிலத்தில் இது எளிது. சம அகல எழுத்துருவில் `i` என்ற எழுத்தும் `m` என்ற எழுத்தும் ஒரே அகலம். நீளமான சொல்லை எண்ணி, மற்றவற்றுக்கு இடைவெளி சேர்த்தால் போதும். தமிழில் அப்படிச் செய்தால் கோடு வளைந்துபோகும். ஏன்?

ஒருங்குறியில் "தி" என்ற எழுத்து ஒன்றல்ல. த என்ற மெய்க்குறியும், இகரத்தின் துணைக்குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். "ங்" என்பதும் அப்படியே. எழுத்து ஒரு குறியீடு, மேலுள்ள புள்ளி இன்னொன்று. "திரிங்காப்" என்ற சொல்லில் நாம் காண்பது தி, ரி, ங், கா, ப் என்ற ஐந்து எழுத்துகள். பைதான் மொழியில் `len` கொண்டு அளந்தால் 10 என்று வரும்.

"இடம்" என்ற சொல்லில் மூன்று எழுத்துகள், நான்கு குறியீடுகள். "கம்போங் ராஜா"வில் நடு இடைவெளியோடு சேர்த்து 12 குறியீடுகள். எல்லாவற்றையும் 12 ஆக்க வேண்டும் என்று நிரல் இடைவெளி சேர்க்கிறது. திரிங்காப்புக்கு 2 இடைவெளி கிடைக்கும். நம் கண்ணுக்கு அது 5-உம் 2-உம் சேர்ந்து ஏழு இடம். "இடம்" என்பதற்கு 8 இடைவெளி. கண்ணுக்குப் பதினொரு இடம். நிரலுக்கு இரண்டும் 12 தான். அதனால்தான் தலைப்பின் கோடு ஒரு பக்கமும் கீழ்வரிகளின் கோடு வேறு பக்கமும் போய் நிற்கிறது.

குறியீடுகளை விட்டுவிட்டு எழுத்துகளை எண்ணினால் சரியாகுமா? அதுவும் போதாது. ர குறுகியது, ஞ அகலமானது, கா இரண்டு எழுத்தின் இடத்தைப் பிடிக்கும். நிரல் எழுதப் பயன்படும் பெரும்பாலான சம அகல எழுத்துருக்களில் தமிழே கிடையாது. அப்போது கணினி வேறொரு தமிழ் எழுத்துருவைக் கடன் வாங்கிக் காட்டும். அதில் எழுத்துகள் சம அகலத்தில் இருக்காது. இடைவெளி சேர்த்து இதை முழுமையாகச் சரிசெய்ய முடியாது.

ஆனால் எளிய ஒரு வழி உண்டு: தமிழ்ச் சொற்கள் உள்ள நெடுவரிசையைக் கடைசிக்குக் கொண்டுபோங்கள். எண்கள் எல்லாம் முதலில் நிற்கட்டும். எண்களும் புள்ளியும் கோடும் சம அகலத்தில் இருப்பதால் அவை நேராக அடுங்கும். தமிழ்ப் பெயர்கள் எவ்வளவு நீண்டாலும் அவற்றின் வலப்பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு கோடு மட்டுமே முன்பின்னாக நிற்கும். அதனால் படிக்க எந்தத் தடையும் இல்லை.

```
|  3/3 |  4/3 |  5/3 | இடம் |
| ---: | ---: | ---: | :--- |
| 12.5 |    - |  8.0 | திரிங்காப் |
|  0.0 | 22.5 |  6.5 | கம்போங் ராஜா |
| 18.0 |  9.5 |    - | பிரிஞ்சாங் |
|  4.5 | 31.0 | 14.0 | ரிங்லெட் |
```

நூறு வரி இருந்தால்?

ஐந்து வரிகளைக் கையால் அடுக்கலாம். ஒரு தவணை முழுவதும் அளந்த மழைக்கணக்கை அடுக்கப் பைதான் உதவும். ஒட்டிய எழுத்தை `mazhai.txt` என்ற பெயரில் சேமித்துவிட்டு, முதலில் எண்ணிக்கையைச் சோதியுங்கள்:

```python
rows = []
for line in open("mazhai.txt", encoding="utf-8"):
    rows.append(line.rstrip("\r\n").split("\t"))

n = len(rows[0])
for i, r in enumerate(rows, 1):
    if len(r) != n:
        print(i, len(r))
```

தலைப்பு வரியில் எத்தனை கட்டங்கள் உள்ளனவோ அதிலிருந்து மாறுபடும் வரிகளின் எண்ணை மட்டும் இது அச்சிடும். எதுவும் அச்சாகாவிட்டால் எல்லா வரிகளும் சரி. கோப்பின் கடைசியில் வெற்று வரி இருந்தால் அதையும் இது காட்டிக்கொடுக்கும். அந்த வரியை அழித்துவிடுங்கள்.

மூன்றாம் வரியில் `rstrip("\r\n")` என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். பலரும் பழக்கத்தில் `strip()` என்று எழுதுவார்கள். அது வரியின் முடிவில் உள்ள டேப்பையும் சேர்த்து வெட்டிவிடும். பிரிஞ்சாங் வரியின் காலிக் கட்டம் அங்கேயே காணாமல் போகும். நாம் வரி முறிவை மட்டும் நீக்கச் சொல்கிறோம்.

எண்ணிக்கை சரியான பிறகு, அதே நிரலுக்குக் கீழே இதைச் சேர்த்தால் அட்டவணை தயார்:

```python
for i, r in enumerate(rows):
    nums = [(c.strip() or "-").rjust(4) for c in r[1:]]
    print("| " + " | ".join(nums + [r[0]]) + " |")
    if i == 0:
        print("| " + "---: | " * (n - 1) + ":--- |")
```

இங்கே `r[1:]` என்பது முதல் கட்டத்தைத் தவிர்த்த மற்ற கட்டங்கள், அதாவது எண்கள். ஒவ்வொன்றையும் `rjust(4)` நான்கு இட அகலத்தில் வலப்பக்கம் ஒட்டி வைக்கிறது. கட்டம் காலியாக இருந்தால் சிறு கோடு இடப்படுகிறது. ஊர்ப் பெயரான `r[0]` கடைசியில் சேர்கிறது. மழை 100 மில்லிமீட்டரைத் தாண்டும் நாள் இருந்தால் 105.5 போன்ற எண்ணுக்கு ஐந்து இடம் தேவை. அப்போது 4 என்பதை 5 ஆக்குங்கள். முதல் நெடுவரிசை மட்டும் பெயர், மற்றவை எல்லாம் எண் என்ற அமைப்புக்குத்தான் இந்த நிரல் பொருந்தும்.

கூட்டிப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்

அட்டவணை அழகாக இருப்பதால் சரி என்று ஆகிவிடாது. மூல விரிதாளில் ஒவ்வொரு நெடுவரிசையின் கூட்டுத்தொகையையும் எடுத்து, மாற்றிய அட்டவணையின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள். நம் அட்டவணையில் 3/3-க்கு 35.0, 4/3-க்கு 63.0, 5/3-க்கு 28.5 வர வேண்டும்.

தவறான குறுக்குவழியில் கிடைத்த அட்டவணையை இப்படிச் சோதித்தால் 35.0, 48.5, 36.5 என்று வரும். முதல் நெடுவரிசை சரியாகவே தெரிகிறது! கம்போங் ராஜாவில் அன்று மழை 0.0 என்பதால் "ராஜா" என்ற சொல் அதன் இடத்தில் உட்கார்ந்தும் கூட்டுத்தொகை மாறவில்லை. ஒரே ஒரு நெடுவரிசையைச் சோதித்துவிட்டு நிம்மதி அடையக்கூடாது என்பதற்கு இது நல்ல சான்று. எல்லா எண்களையும் ஒட்டுமொத்தமாகக் கூட்டிப் பார்ப்பதும் போதாது. எண் காணாமல் போனால் அது காட்டும். எண் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தால் மொத்தம் மாறாது. நெடுவரிசை வாரியாகக் கூட்டினால் இரண்டும் பிடிபடும்.

இனி நீங்கள் செய்து பாருங்கள். மேலே உள்ள அட்டவணையை விரிதாளில் தட்டி, தானா ராத்தா என்ற ஊரையும் சேர்த்து, 3/3 அன்று காலிக் கட்டம், மற்ற இரு நாட்களில் 7.5, 11.0 என்று எழுதுங்கள். நகலெடுத்து ஒட்டியதும் அந்த வரியில் எத்தனை டேப் இருக்கிறது என்று எண்ணுங்கள். பிறகு மார்க்டவுனுக்கு மாற்றி, மூன்று நெடுவரிசைகளையும் கூட்டுங்கள். 35.0, 70.5, 39.5 வந்தால் உங்கள் அட்டவணை உண்மையைச் சொல்கிறது.